இரண்டு வாரம் விட்டுப்போனாலும் தொடர முடிகிற சின்ன கேம்கள்

"எதையும் பாதியில் விட்டுவிடுகிற ஆள் நான். 60 மணி நேர கேமை ஆசையாக வாங்குவேன், 5 மணி நேரத்தில் நின்றுவிடும். 10 மணி நேரத்துக்குள் முழுசாக முடிந்து, முடித்தோம் என்ற திருப்தியும் தருகிற கேம்கள் இருந்தால் சொல்லுங்கள். சாதாரண லேப்டாப்தான் இருக்கிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் இரவு ஒரு மணி நேரம் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது."

இப்படிக் கேட்டவருக்கு முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய திறந்த உலக கேமில் 12 மணி நேரம் ஆடியிருந்தேன். ஆபீஸில் வேலை நெருக்கியது, அப்புறம் வீட்டில் ஒரு கல்யாணம். இருபது நாள் கழித்துத் திறந்தால், ஒரு குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறேன். யாரைத் தேடிப் போகிறேன், பையில் இருக்கிற பதினேழு மூலிகைகள் எதற்கு, குதிரையை விட்டு இறங்க எந்தப் பட்டன், ஒன்றும் ஞாபகம் இல்லை. பத்து நிமிடம் தடுமாறிவிட்டு மூடியவன் இன்று வரை திறக்கவில்லை. கேம் அலுத்துப்போய் விடவில்லை. விட்டுப்போன இடைவெளியைத் தாண்டித் திரும்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் மணி நேரத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் கேட்கிற கேள்வி வேறு: இரண்டு வாரம் விட்டுவிட்டுத் திறந்தால், ஐந்து நிமிடத்தில் தொடர முடியுமா? கதை எங்கே நிற்கிறது என்பதைக் கேமே காட்ட வேண்டும். விரல்கள் புதிதாகப் பழக வேண்டியிருக்கக் கூடாது. நிறுத்துகிற இடங்கள் அடிக்கடி வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் 8 மணி நேர கேமும் உங்களால் முடியும். இவை இல்லையென்றால் 6 மணி நேர கேமும் அந்தக் குதிரை கதையாகிவிடும்.

இந்தக் கணக்கில் நான்கு கேம்கள் சொல்கிறேன். நான்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்காதவை. வரிசையும் முக்கியம், முதலாவதை ஆடாமல் நான்காவதற்குத் தாவ வேண்டாம்.

முதலாவது எ ஷார்ட் ஹைக். 2019-ல் வந்தது, கனடாக்காரரான ஆடம் ராபின்சன்-யூ செய்தது. கிளேர் என்ற பறவைப் பெண் விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரு முக்கியமான போன் வர வேண்டும், ஆனால் அந்தத் தீவில் சிக்னல் இல்லை. மலை உச்சிக்குப் போனால் கிடைக்கும். இதுதான் மொத்தக் கதை. எப்போது திறந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டாம், மேலே போக வேண்டும். மலை கண்முன்னே நிற்கிறது.

ஏறுவதற்குத் தங்க இறகுகள் வேண்டும். ஓர் இறகுக்கு ஒரு தாவல், அல்லது பாறையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஏறுகிற மூச்சு. தீவில் ஆங்காங்கே இறகுகள் கிடைக்கும், சிலதைக் காசு கொடுத்து வாங்கலாம், சிலது யாருக்காவது ஒரு சின்ன உதவி செய்தால் வரும். உச்சிக்குப் பக்கத்தில் குளிரில் இறகுகள் உறைந்துவிடும். அங்கே மட்டும் கொஞ்சம் யோசித்து ஏற வேண்டும். ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் காபி நேரத்துக்கு முடிந்திருக்கும்.

போனில் என்ன வருகிறது என்று சொல்லமாட்டேன். உச்சியிலிருந்து சிறகை விரித்துக் கீழே சறுக்கி வரும்போது, இத்தனை நேரம் ஒவ்வொரு பாறையாகப் பிடித்து ஏறிய தீவு முழுவதும் காலுக்குக் கீழே கடந்துபோகும். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இதை முதலில் வைத்திருக்கிறேன். ஒன்றைத் தொடங்கி அதன் கடைசி வரை போய்ப் பார்க்கிற அனுபவம் உங்களுக்கு ரொம்ப நாளாகக் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தீவில் மீன் பிடிக்கலாம், படகு ஓட்டலாம், பந்து விளையாடலாம். எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் மீன்களையெல்லாம் பிடித்துப் பட்டியலை நிரப்பிவிட்டுத்தான் மேலே ஏறுவேன் என்று கிளம்பினால், உங்கள் பழைய நோய் இங்கேயும் வந்துவிடும். முதலில் உச்சி, அப்புறம் சித்தி வீடு, பெயர்ப் பட்டியல் ஓடட்டும். மீன் எங்கேயும் போய்விடாது.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்க howlongtobeat.com என்ற தளம் இருக்கிறது. அதில் Main Story, Main + Extras, Completionist என்று தனித்தனி நேரம் போட்டிருப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு முதலாவது மட்டும்தான் கணக்கு. அதையும் அப்படியே நம்ப வேண்டாம், கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே நேரம் பதிகிறவர்கள் பெரும்பாலும் நிறைய கேம் ஆடிப் பழகியவர்கள். அவர்கள் வழி தெரியாமல் நிற்கிற நேரம் நம்முடையதைவிடக் குறைவு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. "ஒரு ஆட்டம் அரை மணி நேரம்தான்" என்று சொல்லி ஹேடிஸ் மாதிரி கேம்களை உங்களிடம் பரிந்துரைப்பார்கள். அருமையான கேம், மறுக்கவில்லை. ஆனால் பாதாளத்திலிருந்து பத்து முறை வெற்றிகரமாகத் தப்பித்தால்தான் பெயர்ப் பட்டியல் ஓடும். முதல் வெற்றிக்கே நிறைய பேருக்குப் பல இரவுகள் ஆகும். ஒவ்வோர் ஆட்டமும் சின்னது, கேம் பெரியது. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

இரண்டாவது அன்பேக்கிங். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து விட்ச் பீம் குழு செய்தது, 2021. ஒரு பெண் 1997-லிருந்து 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். நீங்கள் செய்ய வேண்டியது அட்டைப் பெட்டியைத் திறந்து சாமானை எடுத்து அடுக்குவது மட்டும். அவள் முகம் ஆடும்போது தெரியாது, ஒரு வசனம்கூடக் கிடையாது. மவுஸ் மட்டும் போதும். மொத்தம் நான்கு மணி நேரம் இருக்கும், ஒரு வீட்டுக்கு ஓர் இரவு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வீடு ஒரே அறை, கடைசி வீடுகள் பெரியவை, அவற்றுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

இது இடைவெளியைத் தாங்குகிற விதம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டு போட்டிருக்கிறது. மறந்துபோக ஒன்றும் இல்லை. ஆனால் ஆடுகிற கைக்கு ஞாபகம் இருக்கும். 1997-ல் அலமாரியில் வைத்த ஒரு பொம்மை இருபது வருடம் கழித்து இன்னொரு பெட்டியிலிருந்து வெளியே வரும்போது, "அட, இன்னும் வைத்திருக்கிறாளா" என்று தோன்றும்.

ஓர் இடத்தை மட்டும் உடைத்துச் சொல்கிறேன், இதுகூடத் தெரிய வேண்டாம் என்றால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். 2010-ல் அவள் காதலனோடு குடியேறுகிறாள். அவன் சாமான்கள் ஏற்கெனவே வீடு முழுக்க இருக்கின்றன. பெட்டியிலிருந்து அவளுடைய பட்டச் சான்றிதழ் வருகிறது, சட்டம் போட்டது. சுவரில் மாட்டப் பார்த்தால் இடம் இல்லை, அவன் படங்கள். அலமாரியில் வைத்தால் பொருந்தாது. ஹாலுக்குத் தூக்கிப் போனேன், குளியலறைக்குக்கூடக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளிய பிறகுதான் கேம் ஏற்றுக்கொண்டது. அந்த உறவு எப்படி முடியும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வீடு 2012.

இதில் ஆட்கள் நிறுத்துகிற இடம் எதுவென்றால், எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு நாலைந்து சாமான்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். "இது இங்கே இருக்கக் கூடாது" என்று அர்த்தம். எதுவென்றே புரியாத ஒரு கருவியை வைத்துக்கொண்டு சமையலறைக்கும் குளியலறைக்கும் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆப்ஷன்ஸுக்குள் போய், சாமானை எங்கே வேண்டுமானாலும் வைக்க அனுமதிக்கிறதைப் போட்டுவிடுங்கள். ஏமாற்றுவது ஆகாது, செய்தவர்களே கொடுத்திருக்கிற வசதி. ஆனால் 2010 வீட்டில் மட்டும் போடாதீர்கள்.

இடையில் ஒன்று. வெண்பா என்ற கேமை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். டொரான்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது, 1988-ல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை, அம்மாவின் கிழிந்த சமையல் புத்தகத்தை வைத்து இட்லியிலிருந்து பிரியாணி வரை சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நம் வீட்டில் இட்லித் தட்டு அடுக்கியவர்களுக்கு முதல் புதிர் பெரிய புதிராக இருக்காது, ஆனால் பிள்ளை வளர வளரக் கதை கனத்துக்கொண்டே போகும். தாராளமாக ஆடுங்கள். ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் வரிசையில் சேர்க்கவில்லை.

மூன்றாவது போர்ட்டல். 2007-ல் வால்வ் வெளியிட்டது. இத்தனை பழசா என்று நினைக்க வேண்டாம். சுவரில் இரண்டு ஓட்டை போடுகிற ஒரு துப்பாக்கி. ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வருவீர்கள். அதை வைத்து ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வழி கண்டுபிடிக்க வேண்டும். மேலே ஒலிபெருக்கியில் ஒரு குரல் மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கும். அதை நம்பலாமா என்பதுதான் கதை. மூன்று நான்கு மணி நேரம், புதியவர் என்றால் ஐந்து.

அறைகளுக்கு 00-லிருந்து 19 வரை எண் இருக்கிறது, 18 வரை ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு லிஃப்ட். இரவு ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. நான் என் தம்பிக்குப் பிரித்துக் கொடுத்தது இப்படி. முதல் இரவு 00-லிருந்து 10 வரை. 02-ல்தான் துப்பாக்கியே கையில் கிடைக்கும், அதுவும் ஓர் ஓட்டை மட்டும்தான் போடும். 10-ல் உயரத்திலிருந்து ஓட்டைக்குள் குதித்தால் அந்த வேகத்தோடேயே மறுபக்கம் பாய்ந்து வருவோம் என்று கற்றுக்கொள்வீர்கள். இரண்டாவது இரவு 11-லிருந்து 15. 11-ல் இரண்டாவது ஓட்டையும் உங்கள் கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகுதான் மூளைக்கு வேலை. மூன்றாவது இரவு 16, 17, 18. இதில் 18 நீளமானது, அதைத் தனி இரவாக வைத்தாலும் தப்பில்லை.

18 முடிந்ததும் 19 வரும், அதில் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் கேம் பேசும். மூடிவிடாதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கு அப்புறம்தான் இருக்கிறது, போர்ட்டலை ஆட்கள் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருப்பதும் அதனால்தான். அங்கே எண் போட்ட அறைகள் கிடையாது, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதனால் F6 அழுத்தி அடிக்கடி சேவ் செய்யுங்கள், F9 அழுத்தினால் அந்த இடத்துக்கே திரும்பலாம். கடைசிப் பகுதியை மட்டும் ஒரு விடுமுறை நாளில் ஒரே மூச்சில் ஆட முடிந்தால் நல்லது.

தம்பி எங்கே மாட்டினான் தெரியுமா, 15-ல். இருபது நிமிடம் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கேமில் மாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டை போடக்கூடிய சுவர்களில் ஒன்றை நாம் பார்த்திருக்கமாட்டோம். வெளிர் நிறச் சுவரில் ஓட்டை விழும், கறுத்த உலோகத்தில் விழாது. யோசிப்பதை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று திரும்பி, தலைக்கு மேலேயும் பார்த்து, வெளிர் சுவர்களை மட்டும் எண்ணச் சொன்னேன். ஒன்று முதுகுக்குப் பின்னால் உயரத்தில் இருந்தது.

இதற்கும் ஒரு குறை உண்டு. ஆடுகிற பாத்திரத்தின் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிற கேம், அதிலும் தலைகீழாக விழுந்து எழுகிற கேம் என்பதால் சிலருக்குத் தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். இதுவரை இப்படிப்பட்ட கேம் ஆடாதவர் என்றால் முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் ஆடிப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். (இதே விதியை வைத்து எ ஷார்ட் ஹைக்கை முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

நான்காவது, மற்ற மூன்றும் முடித்த பிறகு: ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் என்ற தனி ஆள் வருடக்கணக்கில் உழைத்து 2018-ல் வெளியிட்டது. எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும், உங்கள் எல்லையை ஒட்டி நிற்கிறது. இரண்டு வாரச் சோதனையில் இது பாதி மதிப்பெண்தான் வாங்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தும் ஏன் சேர்த்தேன் என்றால், முடித்தோம் என்ற திருப்தியை இந்த அளவுக்குத் தருகிற வேறொரு கேம் எனக்குத் தெரியாது.

காணாமல்போன ஒரு வணிகக் கப்பல் 1807-ல் இங்கிலாந்துக் கரைக்குத் தானாக வந்து சேர்கிறது. உள்ளே உயிரோடு யாரும் இல்லை. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர். கையில் ஒரு கடிகாரம், ஒரு புத்தகம். ஒரு சடலத்தின் முன் நின்று கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆள் சாவதற்கு முந்தைய சில நொடிகளின் பேச்சு இருட்டில் கேட்கும். அப்புறம் சாகிற கணம் அப்படியே உறைந்து நிற்கும், அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், கொல்லப்பட்டிருந்தால் யாரால் என்று எழுத வேண்டும். எல்லாம் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் வரைந்த படம், லேப்டாப் திணறாது.

உதாரணத்துக்கு ஒன்று. மாலுமிகள் தூங்குகிற தளத்தில் வரிசையாகத் தொங்கு படுக்கைகள். ஒரு காட்சியில் யாரோ ஒருவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கேட்ட பேச்சில் பெயர் வந்ததா என்று பத்து நிமிடம் யோசித்தேன். வரவில்லை. திரும்பிப் போகும்போது படுக்கையில் ஒரு சின்ன எண் கண்ணில் பட்டது. எங்கேயோ பார்த்த எண். புத்தகத்தைத் திறந்தால் கப்பல் ஆட்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எண் இருக்கிறது. அந்த ஒரு காட்சியிலிருந்து எத்தனை பேர் பெயர் கிடைத்தது என்று நீங்களே போய்ப் பாருங்கள். பட்டியலில் ஊரும் போட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் அதில் உண்டு. உச்சரிப்பு, உடை, யாரோடு சேர்ந்து நிற்கிறான் என்பதெல்லாம் துப்புதான்.

மூன்று பேரின் முடிவைச் சரியாக எழுதினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். அப்போது இசை எழும்பி, நீங்கள் கையால் எழுதியது அச்செழுத்தாக மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் சரியா தப்பா என்று சொல்லாமல் மூன்று மூன்றாகச் சொல்வதால் குருட்டாம்போக்கில் அடிப்பது கடினம், அதே சமயம் ரொம்ப நேரம் இருட்டிலும் விடாது. இதுதான் இதன் நிறுத்துகிற இடமும். ஒரு மூன்று அச்சானதும் லேப்டாப்பை மூடுங்கள்.

பாதி மதிப்பெண் என்று ஏன் சொன்னேன் என்றால், பார்த்த காட்சியை மறுபடி பார்க்க அந்தச் சடலம் கிடக்கிற இடத்துக்கே நடந்து போக வேண்டும். அதைவிட, "அந்தத் தாடிக்காரன்தான் இவன் நண்பன்" என்று உங்கள் மண்டையில் இருக்கிற ஊகத்தைக் கேம் எழுதி வைக்காது. ஒரு மாதம் விட்டால் அது போய்விடும். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்வதுதான் வழி. மூடுவதற்கு முன் மூன்று வரி எழுதுங்கள்: யாரைச் சந்தேகிக்கிறேன், ஏன், அடுத்து எந்தக் காட்சியைப் பார்க்கப் போகிறேன். வாரத்துக்கு மூன்று இரவு கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிகிற மாதத்தில் மட்டும் தொடங்குங்கள்.

நடுவில் திணறும்போது புத்தகத்திலுள்ள முகங்களைப் பாருங்கள். ஒருவரைக் கண்டுபிடிக்கப் போதுமான தகவல் இன்னும் வரவில்லையென்றால் முகம் மங்கலாக இருக்கும். தெளிவாகிவிட்டால், தேவையானதை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எவ்வளவு கடினம் என்று முக்கோணங்களும் காட்டும், ஒரே முக்கோணம் இருக்கிறவர்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு முகத்தில் புக்மார்க் வைத்தால், அவர் வருகிற காட்சிகளை மட்டும் புத்தகத்தில் புரட்டலாம். இந்த வசதியைக் கவனிக்காமலே நான் பாதிக் கேம் ஆடியிருக்கிறேன்.

கப்பலை விட்டு எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடலாம், அதற்கும் ஒரு முடிவு உண்டு. ஆனால் புத்தகத்தின் பத்து அத்தியாயங்களில் எட்டாவதை மட்டும் கப்பலில் இருக்கும்வரை திறக்க முடியாது. மற்றவற்றை எல்லாம் முடித்துவிட்டு இறங்கியவர்களுக்கு அது அப்புறம் வந்து சேரும். அதனால் பொறுமை போய் இறங்குவதாக இருந்தால், இறங்குவதற்கு முன் மிச்சம் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பத்துக்குக் குறைவாக இருந்தால் இன்னும் இரண்டு இரவு கொடுக்கலாம்.